சேலரி ஃபைல பேங்க் திருப்பி அனுப்புதா? என்ன எரர் வருதுன்னு பாத்து சரி பண்ற வழி

கிருஷ்ணகிரியில சின்ன கம்பெனிகளுக்கு சம்பள கணக்கு பாக்கறேன், மாங்கூழ் ஃபேக்டரி, கிரானைட் கட்டிங், ஓசூர் பக்கம் ரெண்டு லேத் பட்டறைன்னு. மாசம் 5ஆம் தேதி ஆச்சுன்னா எங்கயாவது ஒரு இடத்துல இருந்து "ஃபைல் ரிஜெக்ட் ஆயிடுச்சு"ன்னு போன் வந்துடும். 7ஆம் தேதிக்குள்ள சம்பளம் ஏறியாகணும், அதனால எல்லாருக்குமே அவசரம், அந்த அவசரத்துல எரர் மெசேஜ் மறைஞ்சா போதும்னு ஏதாவது பண்ணி திரும்ப ஏத்திடறாங்க, அங்கதான் சின்ன தப்பு பெரிய தப்பா ஆகுது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. ஃபைல் எந்த இடத்துல நின்னுச்சு? அப்லோட் பண்ணும்போதே நின்னுச்சா, அப்லோட் ஆகி சில வரி மட்டும் சிவப்பா காட்டுதா, இல்ல முதலாளி ஆத்தரைஸ் பண்ணி பணம் போனதுக்கப்புறம் திரும்பி வந்துச்சா. மூணுக்கும் வழி வேற வேற. நடு கேஸ்ல இன்னொரு விஷயமும் இருக்கு, சில பேங்க்ல ஒரு வரி தப்புன்னாலும் மொத்த ஃபைலும் நிக்கும், சில பேங்க்ல நல்ல வரிய எடுத்துக்கிட்டு தப்பான வரிய மட்டும் விட்டுடும். உங்க பேங்க் ரெண்டாவது ரகம்னா, சரி பண்ணிட்டு முழு ஃபைலயும் திரும்ப ஏத்தாதீங்க, பாதி பேருக்கு ரெண்டு சம்பளம் போயிடும். விட்டுப்போன வரி மட்டும் வெச்சு தனி ஃபைல் போடுங்க.

## ஃபைலையே வாங்க மாட்டேங்குது, `Invalid file format`னு வருது

வரி வரியா எரர் காட்டாம மொத்தமா தள்ளுச்சுன்னா உள்ள இருக்கற நம்பர தொடாதீங்க, வெளிய இருந்து ஆரம்பிங்க.

ஃபைல் பேரு முதல்ல. போன தடவ ஏத்துன அதே பேர்ல திரும்ப ஏத்துனா டூப்ளிகேட்னு தள்ளுற பேங்க் நிறைய. `SALARY JUNE (2).csv`ன்னு டவுன்லோட் ஃபோல்டர்ல தானா வந்த பேருல இருக்கற அடைப்புக்குறியும் இடைவெளியும்கூட சிலதுக்கு ஆகாது. `SALJUN01`, அடுத்த தடவ `SALJUN02`ன்னு வெச்சுக்கோங்க.

அடுத்தது கடைசி வரி. போன மாசம் 90 பேர், இந்த மாசம் 70 பேர்னா கீழ இருக்கற 20 வரிய டெலிட் பட்டன அமுக்கி அழிச்சிருப்பீங்க, எழுத்து போயிருக்கும், ஆனா எக்செல் அந்த வரி எல்லாம் இன்னும் இருக்குன்னே நினைக்கலாம். `Ctrl+End` அமுக்குங்க, கர்சர் கடைசி ஆளுக்கு கீழ எங்கயோ போய் நின்னா அதான் விஷயம். அந்த வரிகள இடது ஓரத்துல நம்பரோட செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல `Delete` குடுத்து, சேவ் பண்ணி திறங்க. நோட்பேட்ல பாத்தா கீழ வெறும் `,,,,,`னு வரி வரியா தெரியும், அதுவும் போயிருக்கணும்.

முதல் வரி மட்டும் தப்புங்குது, மீதி எல்லாம் சரிங்குதுன்னா எப்படி சேவ் பண்ணீங்கன்னு பாருங்க. எக்செல்ல `CSV UTF-8`னு ஒண்ணும் வெறும் `CSV (Comma delimited)`னு ஒண்ணும் இருக்கும். முதல்ல சொன்னது ஃபைலோட தலையில கண்ணுக்கு தெரியாத ஒரு குறிய சேத்துடும், பழைய பேங்க் சாஃப்ட்வேர் அத முதல் செல்லோட எழுத்துன்னு படிச்சு குழம்பிடும். ரெண்டாவதுல சேவ் பண்ணா போதும்.

இது மூணும் இல்லன்னா பேங்க் டெம்ப்ளேட்ட மாத்தியிருக்கலாம். போர்டல்ல இருந்து சாம்பிள் ஃபைல புதுசா டவுன்லோட் பண்ணி காலம் வரிசைய உங்களோடத வெச்சு பாருங்க. இதுக்கும் மேல நின்னுச்சுன்னா உங்க யூசர் ஐடிக்கு பல்க் அப்லோட் உரிமையே போயிருக்கும், இல்ல டெபிட் அக்கவுண்ட் மேப் ஆகாம இருக்கும். அது பேங்க் வேலை, உங்க கம்ப்யூட்டர்ல தேடாதீங்க.

## ஃபைல் ஏறுது, ஆனா `Invalid account number`னு சில வரி

நான் பாத்த ரிஜெக்‌ஷன்ல இதுதான் ஜாஸ்தி, ஆபத்தும் இதுலதான் ஜாஸ்தி, அதனால பொறுமையா படிங்க.

ரிஜெக்ட் ஆன ஆளுங்க எந்த பேங்க்னு முதல்ல பாருங்க. எஸ்பிஐ அக்கவுண்ட் 11 இலக்கம். ஐஓபி 15. கேவிபி, பிஎன்பி 16. எஸ்பிஐ ஆளுங்க எல்லாம் பாஸ் ஆகி, நீளமான நம்பர் வெச்சிருக்கறவங்க மட்டும் மாட்டியிருந்தா காரணம் எக்செல்தான். செல் `General`னு இருந்தா 11 இலக்கம் வரைக்கும் அப்படியே காட்டும், 12 ஆயிடுச்சுன்னா சுருக்கிடும். நீங்க `1234567890123456`னு அடிச்சா அது `1.23457E+15`னு ஆகும், சிஎஸ்வி ஃபைலுக்கும் அப்படியேதான் போகும், பேங்க் அதுல E-யயும் புள்ளியயும் பாத்து தள்ளிடும். இது வரைக்கும் நல்லதுதான், பேங்க் புடிச்சிடுச்சு.

இதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு ஒரு கேஸ் சொல்றேன். ஒரு மாங்கூழ் ஃபேக்டரி, சீசன் நேரம், ஜூன் மாச சம்பளம், 86 பேர். ஃபைல் போட்டது அங்க புதுசா சேந்த பையன். 11 வரி ரிஜெக்ட், 11 பேருமே 16 இலக்க அக்கவுண்ட். பையன் பாத்தான், செல்லுல E+15னு இருக்கு, உடனே அந்த காலத்த செலக்ட் பண்ணி `Number`, டெசிமல் 0ன்னு மாத்துனான். நம்பர் முழுசா தெரிஞ்சுச்சு, 16 இலக்கமும் இருந்துச்சு. அந்த 11 பேர மட்டும் தனி ஃபைலா போட்டு ஏத்துனான், அது வரைக்கும் சரியாத்தான் பண்ணான். ஒரு எரர் இல்லாம போச்சு, முதலாளியும் ஆத்தரைஸ் பண்ணிட்டாரு.

சாயங்காலம் 9 பேரோட பணம் திரும்பி வந்துடுச்சு. எனக்கு போன். "என்னங்க இது, காலைல எல்லாம் ஓகேன்னு காட்டுச்சு, இப்ப ஒம்போது பேருக்கு ஏறலங்கறாங்க, ஷிஃப்ட்ல ஆளுங்க வந்து நிக்கறாங்க"ன்னு முதலாளி. போய் ஃபைல திறந்து பாத்தேன். 11 நம்பரும் கடைசில 0.

எக்செல் ஒரு நம்பர்ல 15 இலக்கம்தான் வெச்சுக்கும், 16ஆவத அது அடிச்ச அந்த நொடியே 0 ஆக்கிடும். `1234567890123456`ங்கறது `1234567890123450` ஆயிடும். நீங்க அப்புறம் `Number`னு மாத்துனாலும் `Text`னு மாத்துனாலும் போனது போனதுதான், காட்டற விதம்தான் மாறுது. 11 பேர்ல ஒருத்தருக்கு நிஜமாவே 0-ல முடியுற நம்பர், அவருக்கு சம்பளம் சரியா போச்சு. ஒம்போது நம்பர் அந்த பேங்க்ல இல்லவே இல்ல, திரும்புச்சு. மிச்சம் ஒருத்தரு. அவரோட நம்பர்ல கடைசி இலக்கம் 0 ஆனதும் அது வேற யாரோ ஒருத்தரோட அக்கவுண்ட் ஆயிடுச்சு, பணம் அங்க போய் உக்காந்துடுச்சு. நெஃப்ட்ல பணம் போறது அக்கவுண்ட் நம்பர வெச்சுத்தான், பேர ஒத்துப்பாத்து நிறுத்த மாட்டாங்க.

அதனால எரர் மறையறது சரியானதுக்கு அத்தாட்சி இல்ல. E+15னு பாத்தீங்கன்னா அந்த காலத்த ரிப்பேர் பண்ணவே பண்ணாதீங்க, அந்த நம்பர் செத்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. பாஸ்புக் ஜெராக்ஸோ, செக் லீஃபோ, போன மாசம் பணம் சரியா ஏறுன ஃபைலோ எடுத்து அதுல இருந்து புதுசா கொண்டு வரணும்.

கொண்டு வர்ற முறை இது. காலி காலத்த முதல்ல `Text` ஆக்கிட்டு அதுக்கப்புறம் நம்பர அடிங்க. வரிசை மாறக்கூடாது. பழைய சிஎஸ்வில இருந்து எடுக்கறீங்கன்னா அத டபுள் கிளிக் பண்ணி திறக்காதீங்க, திறந்த உடனே எக்செல் எல்லாத்தயும் நம்பரா மாத்திடும், அப்படியே சேவ் குடுத்தா நல்லா இருந்த ஃபைலும் கெட்டுடும். `Data` மெனுவுல `From Text/CSV` போய், `Do not detect data types`னு தேர்ந்தெடுத்து உள்ள இழுங்க. ஃபைல் ரெடியான பிறகு செக் பண்றதும் எக்செல்ல வேண்டாம், ரைட் கிளிக் பண்ணி நோட்பேட்ல திறந்து பாருங்க, பேங்க் படிக்கப்போறது அதத்தான்.

அடுத்து, A-ல எம்ப்ளாயி கோடு, C-ல அக்கவுண்ட் நம்பர்னு வெச்சுக்குவோம். போன மாசம் ஏறுன பட்டியல `Old`னு ஒரு ஷீட்டுல அதே காலம் வரிசையில டெக்ஸ்ட்டா வெச்சுட்டு, பக்கத்துல காலியா இருக்கற மூணு காலத்துல இத போடுங்க:

```
=LEN(C2)
=EXACT(C2,VLOOKUP(A2,Old!A:C,3,0))
=SUMPRODUCT(--(C$2:C$90=C2))
```

முதலாவது எத்தன இலக்கம்னு சொல்லும். ரெண்டாவதுல `FALSE` வந்தா நம்பர் மாறியிருக்கு, `#N/A` வந்தா புது ஆளு, இந்த ரெண்டு ரகத்துக்கு மட்டும் பாஸ்புக் பாத்தா போதும், 86 பேருக்கும் பாக்க வேண்டியதில்ல. மூணாவது ஒரே அக்கவுண்ட் ரெண்டு பேருக்கு வந்திருக்கான்னு. இதுக்கு எல்லாரும் `COUNTIF` போடுவாங்க, போடாதீங்க, அது டெக்ஸ்ட்டா இருக்கற நம்பரையும் நம்பராவே எடுத்து 15 இலக்கம் வரைக்கும்தான் பாக்கும், அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே நாள்ல பக்கத்து பக்கத்து நம்பர்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டிடும்.

### நீளமான நம்பர் இல்ல, ஆனாலும் ரிஜெக்ட்

அப்ப முன்னாடி இருக்கற பூஜ்ஜியம் போயிருக்கும். ஐசிஐசிஐ 12, எச்டிஎஃப்சி 14, அதுல பழைய அக்கவுண்ட் பல 00-னு ஆரம்பிக்கும். `LEN` 12 வர வேண்டிய இடத்துல 10 வந்தா ரெண்டு பூஜ்ஜியத்த எக்செல் சாப்டிருக்கு. இத மட்டும் ஃபார்முலால திருப்பி கொண்டு வரலாம், ஆனா அந்த பேங்க்ல எத்தன இலக்கம்னு உறுதியா தெரிஞ்சாத்தான்:

```
=RIGHT("000000000000"&C2,12)
```

நேர்மாறாவும் வரும். எஸ்பிஐ ஸ்டேட்மெண்ட்ல நம்பர் முன்னாடி ஆறு பூஜ்ஜியத்தோட 17 இலக்கமா இருக்கும், ஆளுங்க அத அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்புவாங்க. பின்னாடி இருக்கற 11 தான் வேணும்.

## `Invalid IFSC`

ஐஎஃப்எஸ்சி எப்பவும் 11 எழுத்து, முதல் நாலு ஆங்கில எழுத்து, அஞ்சாவது பூஜ்ஜியம், பின்னாடி ஆறு கிளையோட கோடு. அந்த அஞ்சாவது இடத்துல O எழுத்த அடிச்சிருப்பாங்க, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

```
=AND(LEN(D2)=11,MID(D2,5,1)="0")
```

`FALSE` வந்து, எண்ணிப்பாத்தா 11 தான் இருக்கு, பூஜ்ஜியமும் சரியா இருக்குன்னா, ஒட்டிக்கிட்டு ஒரு மறைஞ்ச இடைவெளி இருக்கு. வெப்சைட்டுல இருந்தோ மெயில்ல இருந்தோ காப்பி பண்ணதுல வர்ற இடைவெளி சாதா இடைவெளி இல்ல, `TRIM` போட்டாலும் போகாது. `=UPPER(TRIM(SUBSTITUTE(D2,CHAR(160)," ")))` போட்டு வர்றத வேல்யூவா பேஸ்ட் பண்ணுங்க.

எழுத்தெல்லாம் சரி, இடைவெளியும் இல்ல, அப்பவும் தள்ளுதுன்னா ஆளோட பாஸ்புக் பழசா இருக்கும். சிண்டிகேட் கனரால சேந்துச்சு, அலகாபாத் இந்தியன் பேங்க்ல சேந்துச்சு, லக்ஷ்மி விலாஸ் 2020 கடைசில டிபிஎஸ்-க்கு போச்சு, அந்த பழைய கோடெல்லாம் செல்லாது. நம்ம பக்கம் கிராமத்து ஆளுங்க கிட்ட பல்லவன் கிராம பேங்க் பாஸ்புக் இன்னும் இருக்கும், அது 2019 ஏப்ரல்ல பாண்டியன் கிராம பேங்கோட சேந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயிடுச்சு, இதோட ஐஎஃப்எஸ்சி `IDIB`ன்னு ஆரம்பிக்கும், ஏன்னா ஸ்பான்சர் இந்தியன் பேங்க். அத பாத்துட்டு தப்புன்னு நினைச்சு மாத்திடாதீங்க. புது கோட ரிசர்வ் பேங்க் சைட்டுல தேடிக்கலாம், ஆனா சேந்த பேங்க்ல அக்கவுண்ட் நம்பரும் மாறியிருக்கலாம்ங்கறதால ஆள ஒரு தடவ பிராஞ்சுக்கு அனுப்பி புது பாஸ்புக் வாங்க சொல்றதுதான் நிம்மதி.

## தேதி தப்புங்குது, இல்ல தொகை தப்புங்குது

தேதி எரர் 13ஆம் தேதிக்கு மேல போடற ஃபைல்ல வந்தா நல்ல நேரம்னு சொல்லுவேன். கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருந்தா மாசம் முன்னாடி போயிடும், 13ஆவது மாசம் இல்லைங்கறதால பேங்க் தள்ளிடும். ஆனா நாம சம்பளம் போடறது 5, 6, 7ல. ஜூலை 6, `07/06` ஆகும், பேங்க் அத ஜூன் 7ன்னு படிச்சா பழைய தேதின்னு தள்ளும். அதுவே ஜூலை 8ஆ இருந்தா `07/08`, ஆகஸ்ட் 7ன்னு எடுத்து ஒரு மாசம் கழிச்சு போற பணமா வாங்கி வெச்சுக்க வாய்ப்பிருக்கு, சக்சஸ்னும் காட்டும், யாருக்கும் ஏறாது.

அப்புறம் சாய்கோடு. செல்லுல `dd/mm/yyyy`ன்னு ஃபார்மேட் குடுத்தும் ஃபைல்ல `06-07-2025`னே வருதேன்னு கேப்பாங்க. இந்தியா செட்டிங்ல விண்டோஸ் தேதிய `-` போட்டு பிரிக்கும், எக்செல் ஃபார்மேட்ல இருக்கற சாய்கோட "சிஸ்டம்ல என்ன பிரிப்பானோ அத போடு"ன்னு எடுத்துக்குது. சாய்கோடேதான் வேணும்னா முன்னாடி ஒரு பின்சாய்கோடு வெச்சு டெக்ஸ்ட்டா மாத்துங்க:

```
=TEXT(E2,"dd\/mm\/yyyy")
```

தொகையில ரெண்டே விஷயம். சிஎஸ்வி ஆகும்போது எக்செல் செல்லுல தெரியறத அப்படியே எழுதும். தொகைக்கு கமா ஃபார்மேட் இருந்தா `"12,384.62"`ன்னு போகும், பேங்க் சாஃப்ட்வேர் சிலது கமாவ பாத்து அங்க வெட்டிடும், தொகை 12, அதுக்கு அடுத்த காலத்துல 384.62ன்னு எல்லாமே ஒரு இடம் நகந்துடும். அதனால எரர் தொகைல வராது, பக்கத்து காலத்துல தேதி தப்பு, ஐஎஃப்எஸ்சி தப்புன்னு வரும், நீங்க அங்க தேடிட்டு இருப்பீங்க. 10,000க்கு மேல கீழன்னு இல்லாம எல்லா வரிலயும் ஒரே எரர்னா நோட்பேட்ல ஒரு வரிய எடுத்து கமாவ எண்ணிப்பாருங்க.

இன்னொண்ணு, மொத்தம் ஒத்து வரலைன்னு தள்ளுறது. 14,000 சம்பளம், 26 நாள்ல 23 நாள் வேலைன்னா 12384.61538னு போய்க்கிட்டே இருக்கும், தெரியறது 12384.62. கூட்டுத்தொகை ரவுண்டு ஆகாத அந்த நீள எண்ண வெச்சு வரும், ஃபைல்ல போறது ரெண்டு டெசிமல், 86 பேர் சேந்தா சில பைசா இடிக்கும். ஃபைல்ல `ROUND` போடறத விட சம்பள ரிஜிஸ்டர்லயே முழு ரூபாயா ரவுண்டு பண்ணிடுங்க, அப்பதான் ரிஜிஸ்டரும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ஒத்து நிக்கும்.

பேர்ல எரர்னா புள்ளி, `&`, `/`, ஒற்றை மேற்கோள் இதெல்லாம் எடுத்துட்டு எழுத்தும் இடைவெளியும் மட்டும் விடுங்க. அவ்வளவுதான்.

## ஆத்தரைஸ் ஆச்சு, டெபிட்டும் ஆச்சு, சிலருக்கு திரும்பி வந்துச்சு

திரும்பி வந்தத உடனே திரும்ப அனுப்பாதீங்க. ரிட்டர்ன் கிரெடிட் ஆனத ஸ்டேட்மெண்ட்ல கண்ணால பாத்து, ஒவ்வொரு யூடிஆர் நம்பரயும் எம்ப்ளாயி கோடோட சேத்து ஒரு ஷீட்டுல எழுதுங்க, அதுக்கப்புறம்தான் அடுத்த ஃபைல். நெஃப்ட் இப்ப 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு பேட்ச்சா ஓடுது, பணம் போட முடியலன்னா அந்த பேட்ச் முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல திருப்பணும்ங்கறது விதி. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் திரும்பவும் இல்ல, ஆளுக்கும் ஏறலைன்னா, அது வேற ஒருத்தர் அக்கவுண்ட்ல ஏறியிருக்கலாம்னு எடுத்துக்கிட்டு கடைசி பகுதில சொல்ற மாதிரி உடனே பிராஞ்சுக்கு எழுதுங்க.

ரிட்டர்ன் காரணம் `Account does not exist`னு இருந்தா மேல அக்கவுண்ட் நம்பருக்கு சொன்ன சோதனைய பண்ணுங்க. `Account closed`, `Account dormant`, கேஒய்சின்னு இருந்தா ஃபைல் சரி, ஆளு அவங்க பேங்குக்கு போகணும், அவருக்கு வேற அக்கவுண்ட் இருந்தா எழுத்துல வாங்கிட்டு மாத்துங்க.

## எப்ப நீங்க நிறுத்திட்டு பேங்க கூப்பிடணும்

ஒரே ஃபைல ரெண்டு தடவ சரி பண்ணியும் அதே எரர் வந்தா மூணாவது தடவ ஏத்தாதீங்க. பிராஞ்ச் கவுண்டர விட கார்ப்பரேட் நெட் பேங்கிங் ஹெல்ப்டெஸ்க்குக்கு எரர் ஸ்கிரீன்ஷாட், ஃபைல் ரெஃபரன்ஸ் நம்பர், ஒரே ஒரு வரி சாம்பிள் இந்த மூணயும் அனுப்புங்க. முழு சம்பள ஃபைலயும் வாட்ஸாப்ல யாருக்கும் அனுப்ப வேண்டாம், எல்லாரோட அக்கவுண்ட் நம்பரும் அதுல இருக்கு.

வேற அக்கவுண்ட்டுக்கு பணம் போயிடுச்சுன்னா அங்க ஒரு மணி நேரம்கூட தள்ளிப்போடக்கூடாது. உங்க பிராஞ்ச் மேனேஜருக்கு கம்பெனி லெட்டர்ஹெட்ல யூடிஆர், தொகை, தேதி, போன நம்பர், போக வேண்டிய நம்பர் எல்லாம் எழுதி, பாஸ்புக் ஜெராக்ஸ் சேத்து, முதலாளி கையெழுத்தோட குடுத்து சீல் வாங்குங்க, மெயிலும் போடுங்க. அவங்க பணம் போன அக்கவுண்ட்டோட பேங்குக்கு எழுதுவாங்க. அந்த பேங்க் அவங்க கஸ்டமர கேக்காம பணத்த எடுத்து குடுக்க முடியாது, அதனால நாளாகும். மாங்கூழ் ஃபேக்டரி கேஸ்ல 12 நாள் ஆச்சு. அந்த தொழிலாளிக்கு 12 நாள் காத்திருக்க முடியாது, அது அவரோட தப்பும் இல்ல, முதலாளி கிட்ட சொல்லி அன்னிக்கே சரியான அக்கவுண்ட்டுக்கு சம்பளத்த போட வெச்சு, போன தொகைய வர வேண்டியதுன்னு தனி லெட்ஜர்ல எழுதி வெச்சோம். பணம் திரும்பி வந்த அன்னிக்கு அந்த லெட்ஜர க்ளோஸ் பண்ணோம்.